கடற்கரைச் சாலை குரூப் போட்டோவில் அண்ணனை நிறுத்தியது

வேலை இதுதான். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பொங்கல் விடுமுறையில் நானே எடுத்த ஒரு குடும்பப் படம். எண்பது நிறைந்த அப்பா, அம்மா, மகள், மருமகன், பேரப்பிள்ளைகள். பிரான்சில் இருக்கும் மூத்த மகன் வர முடியவில்லை. அவரைப் படத்தின் இடது ஓரத்தில், மருமகனுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். 12-க்கு 18 அளவில் பிரேம் போட்டு ஹாலில் மாட்டப் போகிறார்கள்.

ஆளைக் கட் பண்ணி எடுப்பதை இன்று பள்ளிக்கூடப் பையனே போனில் செய்துவிடுகிறான். முகத்தின் நிறம், முடியின் ஓரம் எல்லாம் ஓரளவு சரியாகவே வந்துவிடும். ஆனாலும் படத்தைப் பார்த்தவுடன் "இவரு மட்டும் ஒட்டின மாதிரி இருக்காரே" என்று யாராவது சொல்வார்கள். எதனால் என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. கண் முகத்தில் இருந்தாலும் மனசு காலைத்தான் பார்க்கிறது. அதனால் இந்தப் பதிவில் முகத்தைப் பற்றி எதுவும் இல்லை. ஷூவிலிருந்து கீழே நடந்த வேலை மட்டும்.

முதலில் எந்தப் படத்தை எடுத்துக்கொள்வது என்ற கேள்வி. அக்கா (மகளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்) அனுப்பிய முதல் படத்தில் அண்ணன் படிக்கட்டில் கீழே நிற்கிறார், மேலே நின்று யாரோ எடுத்திருக்கிறார்கள். ஷூவின் மேல்பகுதி முழுவதும் தெரிகிறது, சோல் தெரியவே இல்லை. என் குடும்பப் படத்தை டிரைபாடில் சுமார் 130 சென்டிமீட்டர் உயரத்தில் கேமராவை வைத்து எடுத்திருந்தேன். அந்த உயரத்திலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்பவரின் ஷூவைப் பார்த்தால் முன்பக்கமும் மேல்பக்கமும் ஓர் அளவில்தான் தெரியும். மேலிருந்து எடுத்த பாதத்தை இந்தத் தரையில் வைத்தால், அவர் நுனிக்காலில் முன்னால் சரிந்து நிற்பதுபோல இருக்கும். எந்த நிழல் போட்டாலும் அது சரியாகாது.

"அக்கா, அண்ணன்கிட்ட சொல்லுங்க. யாராவது போனை நெஞ்சு உயரத்துல நேரா பிடிச்சு, ஏழெட்டு அடி எடுத்து வச்சு தள்ளி நின்னு எடுக்கணும். கால் முழுசா தெரியணும். வெயில் இல்லாத நேரம் பாத்து எடுக்கச் சொல்லுங்க."

"வெயில் இருந்தா நல்லா இருக்காதா தம்பி? நம்ம படம் வெயில்லதானே எடுத்தது?"

அக்கா கேட்டது நியாயம்தான். ஆனால் வெயிலில் எடுத்த படமென்றால் வெயில் எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு உயரத்திலிருந்து அடித்தது என்பது மூக்கிலும் கழுத்திலும் சட்டை மடிப்பிலும் பதிந்துவிடும். நம் படத்தோடு அது ஒத்துப்போக வாய்ப்புக் குறைவு. தப்பான பக்கத்தில் விழுந்த வெயிலை அழிப்பதைவிட, மேகமூட்டத்தில் எடுத்த சப்பையான படத்தில் வெயிலை ஏற்றுவது பல மடங்கு சுலபம். பாரிஸ் குளிர்காலத்தில் மேகத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டாவது படம் சாம்பல் வானத்தின் கீழ், நடைபாதையில், கறுப்பு ஷூவோடு சரியாக வந்தது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் Document ஆக அனுப்பச் சொன்னதால் சோலின் ஓரம் பிசிறில்லாமல் இருந்தது.

இனி இடம். பாதத்தை எங்கே வைப்பது, ஆளை எவ்வளவு பெரிதாக வைப்பது என்ற இரண்டும் ஒரே கேள்விதான். பக்கத்தில் இருப்பவரோடு தலையை ஒப்பிட்டு அளவு பார்ப்பதுதான் வழக்கம். கடற்கரைப் படத்தில் அதைவிட நல்ல அளவுகோல் ஒன்று சும்மா கிடக்கிறது: கடலும் வானமும் சேரும் கோடு. சமதளத்தில் எடுத்த படத்தில் அந்தக் கோடு கேமராவின் உயரத்தைக் காட்டும். கேமரா 130 சென்டிமீட்டரில் இருந்தால், அந்தத் தளத்தில் நிற்கும் ஒவ்வொருவரையும், கிட்டே நின்றாலும் தள்ளி நின்றாலும், அந்தக் கோடு தரையிலிருந்து 130 சென்டிமீட்டரில் வெட்டும். வளர்ந்தவருக்கு அது நெஞ்சு, எட்டு வயதுப் பேரனுக்கு உச்சந்தலை.

நான் வடக்குப் பார்த்து எடுத்ததால் கடல் படத்தின் வலப்பக்கம். போட்டோஷாப்பில் அங்கே தெரிந்த கடல் கோட்டின் மேல் ஒரு கைடு இழுத்தேன், அது இடது ஓரம் வரை ஓடியது. அண்ணன் ஷூவோடு 172 சென்டிமீட்டர். நான் நினைத்த இடத்தில் ஷூ வைத்தால், அங்கிருந்து கோடு வரை 1300 பிக்ஸல். 130 சென்டிமீட்டருக்கு 1300 பிக்ஸல் என்றால், ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து. ஆள் மொத்தம் 1720 பிக்ஸல் உயரம் இருக்க வேண்டும். அதே அளவுக்குச் சுருக்கி வைத்தேன். கோடு அவர் நெஞ்சில், சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குக் கொஞ்சம் கீழே போனது. மருமகனுக்கும் ஏறத்தாழ அங்கேதான் போகிறது. பாதத்தை இன்னும் கீழே இழுத்தால் ஆளைப் பெரிதாக்க வேண்டும், மேலே தள்ளினால் சிறிதாக்க வேண்டும். இதைப் பார்க்காமல் தலையை மட்டும் பக்கத்து ஆளோடு சமமாக வைத்துவிட்டு, கால் எங்கே வருகிறதோ வரட்டும் என்று விடுவதால்தான் பாதி மிதப்பு வருகிறது. அப்படிப்பட்ட படத்துக்கு நிழல் போட்டால், இல்லாத பள்ளத்தில் நிற்பதுபோலவோ முக்காலி மேல் நிற்பதுபோலவோ ஆகும்.

இடது ஓரத்தைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. படம் எடுத்தது காலை ஒன்பது மணி. ஜனவரி நடுவில் அந்த நேரத்தில் புதுச்சேரியில் சூரியன் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து சுமார் 30 டிகிரி உயரத்தில் இருக்கும். வடக்கு நோக்கிய கேமராவுக்கு அது வலது தோளுக்குப் பின்னால். எல்லோருடைய நிழலும் இடப்பக்கம், பின்னோக்கிச் சாய்ந்து விழுந்தது. அண்ணனை வலது ஓரத்தில் வைத்திருந்தால் அவர் நிழல் அப்பாவின் வேட்டி மேலும் அம்மாவின் சேலை மடிப்பு மேலும் ஏறியிருக்கும். துணியின் ஒவ்வொரு மடிப்பிலும் நிழலை வளைத்து வரைய வேண்டும். இடது ஓரத்தில் நிழல் வெறும் தரையில் விழுகிறது. ஆனால் அங்கே ஒளித்து வைக்க எதுவும் இல்லை, மூன்று மீட்டர் நிழலும் பட்டவர்த்தனமாகத் தெரியும்.

இப்போது பாதம். பெரும்பாலோர் பெரிய நிழலிலிருந்து தொடங்குவார்கள். நான் எப்போதும் சோலுக்கு அடியிலிருந்துதான் தொடங்குவேன். பெரிய நிழலே இல்லாத மேகமூட்டப் படத்திலும் ஆட்கள் தரையில்தான் நிற்கிறார்கள். அவர்களை நிறுத்துவது சோலும் தரையும் சேரும் இடத்தில் இருக்கும் அந்த மெல்லிய கறுப்பு. அந்த இடுக்குக்குள் வெயிலும் போகாது, வானத்தின் வெளிச்சமும் போகாது.

அதே படத்தில் நிஜமாக நிற்பவர்களின் காலை 200 சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். மருமகன் போட்டிருந்ததும் ஷூதான். அவர் குதிகாலுக்குக் கீழே கோடு நன்றாகக் கறுத்திருக்கிறது. நடுப்பாதத்தில் சோல் தரையைத் தொடாததால் அங்கே கறுப்பு அகலமாகவும் கொஞ்சம் மங்கலாகவும் இருக்கிறது. விரல்களுக்குப் பின்னாலுள்ள பந்துப் பகுதியில் மறுபடி கூர்மையாகிறது. நுனியில் ஷூ சில மில்லிமீட்டர் மேலே தூக்கியிருப்பதால் கோடு கரைந்து விரிகிறது. பாதம் முழுவதும் ஒரே தடிமனில் கோடு போட்டால் மை பேனாவால் அடிக்கோடு இட்ட மாதிரி இருக்கும். அம்மாவின் சேலைக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை. கரை தரையைத் தொடும் இடமெல்லாம் வளைந்து வளைந்து ஒரு மென்மையான கறுப்பு, அவ்வளவுதான். அப்பாவின் ரப்பர் செருப்புக்கு இடுக்கே கிட்டத்தட்ட இல்லை, சோல் முழுவதும் தரையோடு படிந்திருக்கிறது. ஆளுக்கு ஆள், காலணிக்குக் காலணி மாறும் என்பதால் ரெடிமேட் நிழல் பிரஷ்களை நான் தொடுவதில்லை.

அண்ணன் லேயருக்குக் கீழே ஒரு புதிய லேயர், மோடு `Multiply`. மூன்று பிக்ஸல் பிரஷ், ஓரம் கொஞ்சம் மென்மை, ஏறக்குறைய கறுப்பு. குதிகாலிலும் பந்திலும் இரண்டு மூன்று தடவை ஓட்டினேன், நடுவிலும் நுனியிலும் ஒரே தடவை. இந்தப் படத்தில் ஒரு பிக்ஸல் என்பது தரையில் ஒரு மில்லிமீட்டர், அதனால் மூன்று பிக்ஸலுக்கு மேல் போனால் சோலுக்கும் தரைக்கும் நடுவில் குச்சி செருகிய மாதிரி ஆகிவிடும். கட் பண்ணும்போது சோலின் அடி ஓரத்தில் பாரிஸ் நடைபாதையின் வெளிர் சாம்பல் ஒரு பிக்ஸல் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதை மாஸ்க்கில் தேய்த்து எடுத்தேன். இந்த ஒற்றை வெளிர் கோடு இருந்துவிட்டால் கீழே எவ்வளவு கறுப்பு போட்டாலும் ஷூ தரையிலிருந்து பிரிந்தே நிற்கும்.

அதற்குமேல் இன்னொரு லேயர். இதில் பாதத்தைச் சுற்றி நாலைந்து சென்டிமீட்டருக்கு மிக மெல்லிய இருட்டு, 40 பிக்ஸல் மென்மையான பிரஷ், ஒப்பாசிட்டி 15 அளவில். காலும் பேண்ட்டும் தரைக்கு வரும் வானத்து வெளிச்சத்தில் ஒரு பங்கை மறைப்பதால் வரும் இருட்டு இது, வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதனால் வெயில் படும் வலப்பக்கத்திலும் லேசாக இருக்கும். ஆனால் வெயில் அங்கே பலமாக அடிப்பதால் கண்ணுக்கு அதிகம் தெரியாது. இந்த இரண்டு லேயரோடு நிறுத்திவிட்டு, ஆளின் உடம்பை ஒரு காகிதத்தால் திரையில் மறைத்து, ஷூக்களை மட்டும் பார்த்தேன். ஷூ தரையில் உட்கார்ந்திருந்தது. இந்த நிலையில் உட்காரவில்லை என்றால் அடுத்த கட்டத்துக்குப் போவதில் பயனில்லை.

அடுத்தது வெயில் போடும் பெரிய நிழல். இதன் நிறத்தைக் கண்ணால் குத்துமதிப்பாகப் போடாமல், படத்திலிருந்தே எடுக்க முடியும். ஐட்ராப்பரை `31 by 31 Average` என்று வைத்துக்கொண்டு, வெயில் படும் தரையில் ஓர் இடமும், அதே கல்லில் மருமகனின் நிழலுக்குள் ஓர் இடமும் தொட்டேன். வெயிலில் 190, 176, 156. நிழலில் 88, 92, 102. சிவப்பு பாதிக்குமேல் விழுந்திருக்கிறது, நீலம் மூன்றில் ஒரு பங்குதான் விழுந்திருக்கிறது. நிழலுக்குள் வெயில் இல்லை, நீல வானம் இன்னும் இருக்கிறது, அதனால் நிழல் நீலம் பூசிக்கொள்கிறது. `Multiply` மோடு செய்வது ஒரு சாதாரணப் பெருக்கல்தான் என்பதால், தேவையான நிறத்தை வகுத்தே கண்டுபிடிக்கலாம்:

```
R:  88 / 190 * 255 = 118
G:  92 / 176 * 255 = 133
B: 102 / 156 * 255 = 167
```

118, 133, 167 என்ற மங்கலான நீலத்தை முழு ஒப்பாசிட்டியில் பூசினால், அந்தத் தரை சரியாக 88, 92, 102 ஆகிறது. தரைக்கல்லின் புள்ளி, கீறல், மணல் துகள் எல்லாம் அடியில் அப்படியே தெரியும். கறுப்பை 50 சதவீதத்தில் பூசினால் மூன்று நிறமும் ஒரே விகிதத்தில் இறங்கும். வெயில் பட்ட கல்லின் மஞ்சள் நிழலுக்குள்ளும் மிச்சமிருக்கும், பக்கத்தில் இருக்கும் நிஜ நிழல் நீலமாக இருக்கும். இரண்டும் ஒரே சூரியனுடையவை அல்ல என்று உடனே தெரிந்துவிடும். மருமகனின் காலருகே அளந்தால் 64, 66, 72 என்று இன்னும் இருட்டாக இருந்தது. முதலில் போட்ட பாத இருட்டு, இந்த நிழலோடு சேர்ந்து அந்த அளவை ஏறத்தாழத் தொட்டுவிட்டது. அதனால் தனியாக ஒன்றும் செய்யவில்லை.

நிழலின் வடிவத்தில்தான் இந்த வேலையின் பெரும்பகுதி நேரம் போனது. எல்லோரும் செய்வது, கட் பண்ணிய ஆளையே காப்பி எடுத்து, நிறம் ஏற்றி, `Edit > Transform > Distort` வைத்துத் தரையில் சாய்ப்பது. சூரியன் கேமராவுக்கு நேர் பின்னாலோ நேர் எதிரிலோ இருந்தால் அது பொருந்தும். நிழல் என்பது சூரியன் பார்க்கும் உருவம். இங்கே கேமரா அண்ணனை நேராகப் பார்க்கிறது, சூரியன் அவரை 56 டிகிரி பக்கவாட்டிலிருந்து பார்க்கிறது. அங்கிருந்து பார்த்தால் தோள் குறுகும். இரண்டு காலுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஏறத்தாழ மூடிவிடும். உடம்பை ஒட்டியிருக்கும் கை காணாமல் போகும். 45 சென்டிமீட்டர் தோளும் 25 சென்டிமீட்டர் கனமும் உள்ள ஆள் அந்தக் கோணத்தில் 33 சென்டிமீட்டர் அகலம்தான் தெரிவார். அதனால் காப்பியின் அகலத்தை முக்கால் பங்காகக் குறைத்து, காலிடைவெளியை மூடி, இடுப்பில் இடைவெளி விட்டிருந்த வலக்கையை உடம்போடு சேர்த்தேன். தலை மட்டும் அகலம் அதிகம் குறையாது, பக்கவாட்டில் பார்த்தாலும் தலை தலைதான். இந்த இடத்தில் மருமகனின் நிஜ நிழல் நல்ல மாதிரியாகப் பக்கத்திலேயே இருந்தது.

நீளம், சாய்வு. 30 டிகிரி சூரியனுக்கு நிழல் உயரத்தைப்போல் 1.73 மடங்கு, அதாவது மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதைத் திசைப்படி பிரித்தால் இடப்பக்கம் 247 சென்டிமீட்டர், பின்னோக்கி 167. பின்னால் போகப் போக எல்லாம் சிறுக்கும். ஐந்து மீட்டரில் சென்டிமீட்டருக்குப் பத்துப் பிக்ஸல் என்றால் 6.67 மீட்டரில் ஏழரைதான். கடல் கோட்டிலிருந்து 130 சென்டிமீட்டர் கீழே என்பது அங்கே 975 பிக்ஸல். ஷூ 1300 பிக்ஸல் கீழே இருக்கிறது, தலையின் நிழல் 975 பிக்ஸல் கீழே. ஆக, மூன்று மீட்டர் நிழல் படத்தில் மேலே ஏறுவது வெறும் 325 பிக்ஸல். இடப்பக்கம் ஓடுவதோ 1550 பிக்ஸல். கிட்டத்தட்டப் படுத்துக்கிடக்கும் பட்டை. கண்ணை நம்பிச் சாய்த்தால் கை தானாக இதைவிடச் செங்குத்தாகத் தூக்கிவிடும். அப்படித் தூக்கிய நிழல் தரையில் படியாது, பின்னால் ஒரு சுவர் இருப்பதுபோல அதில் சாய்ந்து நிற்கும். கணக்கு வேண்டாம் என்பவர்களுக்குச் சுலபமான சோதனை உண்டு. பக்கத்து ஆளின் காலிலிருந்து அவர் தலை நிழலுக்கு ஒரு கோடு, நம் ஆளின் காலிலிருந்து அவர் தலை நிழலுக்கு ஒரு கோடு. இரண்டையும் நீட்டினால் கடல் கோட்டில் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். இந்தப் படத்தில் அந்தப் புள்ளி பிரேமுக்கு வெளியே இடதுபுறம் வெகுதூரத்தில் இருந்தது. கேன்வாஸை அகலமாக்கி, கோடு போட்டுப் பார்த்துவிட்டுப் பழையபடி சுருக்கிக்கொண்டேன்.

அண்ணன் ஒரு காலை அரையடி முன்னால் வைத்து நிற்கிறார். ஒரே உருவத்தைச் சாய்க்கும்போது நிழல் ஏதாவது ஒரு ஷூவில்தான் சரியாகத் தொடங்கும். மற்றதன் நிழல் காலைவிட்டு விலகி, அந்தக் கால் மட்டும் அந்தரத்தில் தொங்கும். அதனால் நிழலை இடுப்பில் வெட்டி, ஒவ்வொரு காலையும் தனித்தனியாக அதனதன் ஷூவிலிருந்து தொடங்கவைத்து, தொடைக்கு மேலே ஒன்றாக்கினேன்.

நடைமேடை முடிந்து சாலைக்கு இறங்கும் ஓரக்கல் அண்ணன் நிழலின் கழுத்தருகே வந்தது. அங்கே தரை சுமார் 15 சென்டிமீட்டர் இறங்குகிறது. நிழல் அப்படியே நேராக ஓடாது. தரை கீழே போனால் நிழல் தரையைத் தொட இன்னும் கொஞ்சம் தூரம் போக வேண்டும், இந்த வெயிலுக்கு 26 சென்டிமீட்டர். படத்தில் அது தலையின் நிழலை 90 பிக்ஸல் கீழேயும் 100 பிக்ஸல் இடப்பக்கமும் தள்ளியது. கொஞ்சம் தள்ளி ஒரு விளக்குக் கம்பத்தின் நிழலும் அதே ஓரக்கல்லைத் தாண்டுகிறது, அதுவும் அதே மாதிரி ஒடிந்து விலகியிருந்தது. கழுத்தில் வெட்டி, தலையை மட்டும் நகர்த்தினேன். தனியாகப் பார்த்தால் விகாரமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒடிவு வந்த பிறகுதான் நிழல் தரையைப் பிடித்துக்கொண்டது.

ஓரத்தின் மென்மை அடுத்தது. சூரியன் புள்ளி அல்ல, அரை டிகிரி அகலமுள்ள தட்டு. அதனால் நிழலின் ஓரம், அதைப் போடும் பொருளிலிருந்து தள்ளிப்போகப் போக மங்கும். கணக்கு எளிது: தூரத்தை 108-ஆல் வகுத்தால் மங்கலின் அகலம். ஷூவில் தூரம் ஒன்றுமில்லை, ஓரம் கத்திபோல இருக்கும். முழங்காலிலிருந்து அதன் நிழல் ஒரு மீட்டர், மங்கல் ஒன்பது மில்லிமீட்டர். தலையிலிருந்து அதன் நிழல் மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, மங்கல் மூன்று சென்டிமீட்டர். `Gaussian Blur` ரேடியஸில் இந்த அகலத்தின் கால் பங்கைக் கொடுத்தால் ஏறக்குறையப் பொருந்தும். முழங்காலில் இரண்டு பிக்ஸல். தலையில் எட்டு வர வேண்டும், தூரத்தில் சிறுப்பதால் ஆறு. நிழலை இரண்டு காப்பி எடுத்து, ஒன்று கூர்மையாக, ஒன்று ஆறு பிக்ஸல் மங்கலாக வைத்து, இரண்டுக்கும் எதிரெதிராக கிரேடியன்ட் மாஸ்க் போட்டுக் காலிலிருந்து தலைக்கு மெதுவாக மாற்றினேன். முழு நிழலுக்கும் 25, 30 என்று ஒரே பிளர் போடுவதுதான் நம் ஊர் ஆல்பங்களில் அதிகம் பார்ப்பது. கால் அருகே ஓரம் மங்கினால், ஷூ தரையைத் தொடாமல் மேலே இருக்கிறது என்று அந்த மங்கலே சொல்லிவிடும். நிழல் போட்ட பிறகும் ஆள் மிதந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

ஒரு சிக்கல் எதிர்பார்த்தபடியே வந்தது. மருமகனின் நிஜ நிழல் அண்ணனுக்குப் பின்னால் ஓடுகிறது, அண்ணனின் நிழலோடு தோள், முழங்கை பக்கம் உரசுகிறது. உரசும் இடத்தில் `Multiply` இரண்டாவது முறையும் பெருக்கி, தரை கன்னங்கரேலென்று ஆனது. நிஜத்தில் அப்படி ஆகாது. அங்கே வெயிலை ஒருவர் ஏற்கெனவே மறைத்துவிட்டார். இல்லாத வெயிலை இன்னொருவர் மறைக்க முடியாது. மருமகனின் நிழலைத் தேர்ந்தெடுத்து, என் நிழல் லேயரின் மாஸ்க்கில் அந்தப் பகுதியைக் கறுப்பாக்கி நீக்கினேன். சேரும் ஓரத்தில் ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு தெரியும், அதைச் சின்ன பிரஷ்ஷால் கையாலேயே மூட வேண்டும். பாதத்து இருட்டுக்கு இந்த விதி இல்லை. அது வானத்து வெளிச்சத்தை மறைப்பது, நிழலுக்குள்ளும் அது இன்னும் இருட்டாக்கும்.

தரை முடிந்ததும் ஆளின் பக்கம் கொஞ்சம். வெயில் படத்தின் வலப்பக்கமிருந்து என்பதால் ஒரு `Curves` லேயரை அவர்மேல் கிளிப் செய்து, படத்தில் வலப்பக்கம் தெரியும் கன்னம், தோள், பேண்ட் ஓரம் இவற்றில் வெளிச்சம் ஏற்றி லேசாக மஞ்சளாக்கினேன். பேண்ட் விளிம்பு ஷூ மேல் போடும் சின்ன நிழலையும் மறக்கக் கூடாது, அது இல்லாவிட்டால் பேண்ட்டும் ஷூவும் தனித்தனியாக நிற்கும். வெளிர் கல் தரையிலிருந்து வெயில் திரும்பி அடிப்பதால் ஷூவின் வலப்பக்க அடி ஓரமும் பேண்ட்டின் கீழ் ஒரு சாணும் கொஞ்சம் வெளுத்து, மணல் நிறம் ஏறும். மருமகனின் நீலப் பேண்ட்டில் அது தெளிவாகத் தெரிந்தது. அவருக்கு இருந்த அளவே இவருக்கும்.

முழுப் படத்தையும் லேபுக்கு அனுப்பும் முன், கால் பகுதியை மட்டும் அதே அளவில் 4-க்கு 6 தாளில் ஒன்று போட்டுப் பார்ப்பேன். திரை உள்ளிருந்து ஒளிர்வதால் இருட்டிலும் விவரம் காட்டும், தாள் காட்டாது. பிரிண்டில் இடது ஷூவின் இடப்பக்கம், அதன் அடி இடுக்கு, அதன் நிழல் மூன்றும் ஒரே கறுப்பாகக் கலந்து, ஷூ எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. கறுப்பு ஷூ என்றாலே இந்தத் தொல்லை. இடுக்கைத் தொடாமல், ஷூவின் அந்தப் பக்க ஓரத்தைத் தரை வெளிச்சத்தின் நிறத்தில் லேசாகத் தூக்கி, காலருகே நிழலையும் ஒரு படி வெளிச்சமாக்கினேன். அடுத்த துண்டில் சோலின் கோடு தனியாகத் தெரிந்தது. பிறகுதான் 12-க்கு 18 போனது.

அக்கா பிரேமைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். நிழலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"தம்பி, அண்ணனுக்கு முன்னாடி முடி ரொம்பக் கொட்டிப்போச்சே. கொஞ்சம் அடர்த்தியாக்க முடியுமா? அப்பாவைவிட வயசா தெரியுறாரு."

"முடியும்க்கா. ஆனா அப்போ நிழல்லயும் முடி வைக்கணும், அதுக்குத் தனி ரேட்" என்றேன்.